பலகையில் பத்து, கடிகாரத்தில் பதின்மூன்று

2022 நவம்பர் 21, கத்தாரின் கலீஃபா சர்வதேச மைதானம். கால்பந்து உலகக் கோப்பையில் இங்கிலாந்து – ஈரான் ஆட்டத்தின் இரண்டாம் பாதி முடியும் தறுவாயில், இன்னும் எத்தனை நிமிடம் ஆட்டம் நீளும் என்று நான்காவது நடுவர் தூக்கிக் காட்டிய பலகையில் இருந்த எண் 10. ஆனால் ஈரானின் மெஹ்தி தாரேமி பெனால்டியில் கோல் அடித்தபோது ஆட்டக் குறிப்பில் பதிவான நேரம் 90+13. இங்கிலாந்து ஏற்கெனவே ஆறு கோல் போட்டுவிட்டதால் முடிவு 6–2 ஆனதே தவிர அந்தக் கோலால் எதுவும் மாறவில்லை. ஆனாலும் அதைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பத்து என்று காட்டிவிட்டுப் பதின்மூன்றாவது நிமிடத்தில் எப்படி பெனால்டி? அந்த மூன்று நிமிடம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வி இன்றும் ஓயவில்லை. வாரக் கடைசியில் எந்த லீக் ஆட்டத்தைப் பார்த்தாலும், ஜெயிக்கும் அணியின் ரசிகர்கள் பலகையில் காட்டிய நேரம் முடிந்த அடுத்த நொடியே விசிலுக்காகக் கத்துகிறார்கள். பயிற்சியாளர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறார். வர்ணனையாளரும் "நடுவர் கூடுதலாக விளையாட விடுகிறார்" என்று ஏதோ சலுகை மாதிரி சொல்கிறார். அது சலுகை இல்லை. நடுவர் கையில் ஒரு கணக்கு இருக்கிறது. பலகை அந்தக் கணக்கின் ஒரு பகுதியை மட்டும்தான் காட்டுகிறது. மீதி எங்கே இருக்கிறது என்பதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஒரு சொல். தொண்ணூறு நிமிடம் சமநிலையில் முடிந்தால் விளையாடும் முப்பது நிமிடத்தையும் நம் பத்திரிகைகள் "கூடுதல் நேரம்" என்கின்றன, பாதியின் முடிவில் பலகை காட்டிச் சேர்க்கும் இந்த நிமிடங்களையும் அப்படியே எழுதுகின்றன. மைதானத்தில் எல்லோரும் சொல்வது இன்ஜுரி டைம். ஆனால் காயம் அதில் ஒரு காரணம் மட்டுமே என்பதால் இங்கே சேர்ப்பு நேரம் என்று எழுதுகிறேன்.

எதையெல்லாம் எண்ணுகிறார்கள்

கால்பந்தின் 7-வது விதி, அந்தந்தப் பாதியில் வீணான ஆட்ட நேரம் அத்தனைக்கும் நடுவர் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. மாற்று வீரர் இறங்குவது, காயம்பட்டவரைப் பார்ப்பதும் வெளியே கொண்டுபோவதும், வேண்டுமென்றே நேரம் கடத்துவது, அட்டை காட்டுவது, தண்ணீர் குடிக்கவும் சூடு தணியவும் விடும் இடைவேளைகள், காணொளியைப் பார்த்து முடிவைச் சரிபார்க்கும் வீஏஆர் பரிசோதனை, கோல் கொண்டாட்டம், இவை தவிர மறு தொடக்கத்தைக் கணிசமாகத் தாமதப்படுத்தும் வேறு எதுவும். கொண்டாட்டம் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது 2023–24 பருவத்தில்தான்.

பட்டியலில் இல்லாததையும் கவனிக்க வேண்டும். த்ரோ-இன், கோல் கிக், கார்னர், சாதாரண ஃப்ரீ கிக் எதுவும் அதில் இல்லை. பந்து வெளியே போய்த் திரும்பி வருவது ஆட்டத்தின் இயல்பு. அதற்கு ஈடு கிடையாது. மேல்மட்ட லீக்குகளில்கூடத் தொண்ணூறு சொச்சம் நிமிட ஆட்டத்தில் பந்து உண்மையில் உருளும் நேரம் ஏறக்குறைய 55 நிமிடம்தான். மீதி முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்றால் ஒவ்வொரு ஆட்டமும் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். எனவே நடுவர் அளப்பது பந்து நின்ற நேரத்தை அல்ல, நிற்க வேண்டியதற்கு மேல் நின்ற நேரத்தை. இந்த வித்தியாசம் பிடிபட்டால்தான் மற்றதெல்லாம் புரியும்.

பல வருடங்கள் இதற்கு ஒரு கைக்கணக்கு இருந்தது: ஒரு மாற்றத்துக்கு 30 வினாடி, ஒரு கோலுக்கு 30 வினாடி, காயம் பெரிதென்றால் அதற்கு ஒன்றோ இரண்டோ நிமிடம். நடுவர் மனதுக்குள் கூட்டி, முதல் பாதிக்கு ஒன்று அல்லது இரண்டு, இரண்டாம் பாதிக்கு மூன்று அல்லது நான்கு என்று சொல்லிவிடுவார். எண்கள் எல்லா ஆட்டத்திலும் ஒரே மாதிரி வந்ததற்குக் காரணம் ஆட்டங்கள் ஒரே மாதிரி இருந்தது அல்ல, யாரும் உண்மையில் அளக்கவில்லை என்பதே.

இரண்டு கடிகாரங்கள்

அளப்பது எப்படி? நடுவர்களிடம் பொதுவாக இரண்டு கடிகாரம் இருக்கும், அல்லது இரண்டு ஓட்டங்களை ஒன்றாகக் காட்டும் ஒரே கடிகாரம். முதல் கடிகாரத்தைத் தொடக்க விசிலோடு ஓட விட்டால் பாதி முடியும்வரை அதைத் தொடுவதே இல்லை. இரண்டாவதை, நேரம் வீணாகத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, பந்து மறுபடி ஆட்டத்துக்கு வந்ததும் ஓட விடுவார். முதல் கடிகாரம் 45:00 காட்டும்போது இரண்டாவது 40:15 காட்டினால் வீணானது 4 நிமிடம் 45 வினாடி. கழித்துப் பார்க்கக்கூடத் தேவையில்லை: இரண்டாவது கடிகாரம் எப்போது 45:00-ஐத் தொடுகிறதோ அப்போது பாதி முடிகிறது.

இதில் வரும் தவறும் ஒரே மாதிரிதான். காயத்துக்காக நிறுத்திய கடிகாரத்தை மறுபடி ஓட விட மறந்துவிடுவார். ஆட்டம் தொடங்கியதும் கவனம் பந்தின் பின்னால் போய்விடும். ஒன்றரை நிமிடம் கழித்து மணிக்கட்டைப் பார்த்தால் எண் அப்படியே நிற்கும். சிலர் இதற்குப் பயந்தே தலைகீழாகச் செய்வார்கள்: இரண்டாவது கடிகாரத்தைப் பூஜ்யத்தில் வைத்து, வீணாகும் நேரத்தில் மட்டும் ஓட விடுவார்கள். அதிலும் நிறுத்த மறந்தால் அதே கதிதான்.

இதைக் காப்பாற்றுவது கோட்டுக்கு வெளியே நிற்கும் நான்காவது நடுவர். அவர் தனியாக ஒரு கணக்கு வைத்திருப்பார். எந்த நிமிடம், என்ன காரணம், எவ்வளவு நேரம் என்று ஒரு அட்டையில் குறித்துக்கொண்டே வருவார். பாதி முடிய ஓரிரு நிமிடம் இருக்கையில் ஹெட்செட்டில் "என் கணக்கில் நான்கு" என்பார். நடுவர் தன் கடிகாரத்தைப் பார்த்து ஒப்புக்கொள்வார் அல்லது திருத்துவார். முன்மொழிவது பெரும்பாலும் நான்காவது நடுவர், முடிவு நடுவருடையது. நான்காவது நடுவரே இல்லாத சிறிய போட்டிகளில் நடுவர் விரலால் காட்டுவார். அங்கே ஒரே கணக்குதான் என்பதால் கடிகாரத்தை மறந்தால் காட்டிக்கொடுக்க யாரும் இல்லை.

இன்னொன்று, முதல் பாதியில் நேரக் கணக்கு தவறிவிட்டது என்று இடைவேளையில் தெரிந்தாலும் அதை இரண்டாம் பாதியின் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்ட முடியாது. விதி அதைத் தெளிவாகத் தடுக்கிறது.

ஒரு பாதியை எண்ணிப் பார்ப்போம்

நடந்த ஆட்டம் எதையும் சொல்லாமல், ஒரு சாதாரண இரண்டாம் பாதியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம்.

53-வது நிமிடத்தில் ஒரு ஃபவுல். விசில் ஊதியது 53:10. வீரர் எழவில்லை. 53:25-க்கு நடுவர் கையசைத்து மருத்துவரை உள்ளே கூப்பிடுகிறார், இடையிலேயே ஃபவுல் செய்தவருக்கு மஞ்சள் அட்டையும் காட்டிவிடுகிறார். ஃப்ரீ கிக் அடிப்பது 54:40. வீணானது எவ்வளவு? விசிலிலிருந்து எண்ணினால் ஒன்றரை நிமிடம். ஆனால் முதல் 15 வினாடி எந்த ஃப்ரீ கிக்குக்கும் ஆகும் நேரம். மருத்துவரைக் கூப்பிட்ட கணத்திலிருந்து எண்ணினால் 1:15. அட்டை காட்டிய நேரமும் அதற்குள்ளேயே அடங்கிவிடுவதால் அதைத் தனியாகக் கூட்டக் கூடாது. ஒரே நிறுத்தத்தில் மூன்று காரணங்கள் இருந்தாலும் நேரம் ஒன்றுதான்.

61:20-க்கு ஒரு கோல். மையத்தில் பந்தை வைத்து மறுபடி தொடங்கும்போது 62:10. ஐம்பது வினாடி. இதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதற்கு லீக்குக்கு லீக் வழி வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். இப்போதைக்கு, கோல் விழுந்த 30 வினாடிக்குப் பிறகுதான் கடிகாரம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 20 வினாடி.

66-வது நிமிடத்தில் ஒரு த்ரோ-இன்னின்போது இரண்டு அணியும் இரண்டிரண்டு பேரை மாற்றுகின்றன. நடுவர் சைகை காட்டியதிலிருந்து த்ரோ எறியும்வரை 45 வினாடி. பழைய கைக்கணக்குப்படி நான்கு மாற்றம், இரண்டு நிமிடம். உண்மையில் முக்கால் நிமிடம்தான். ஒரு அணிக்கு ஐந்து மாற்றம், ஆனால் இடைவேளை நீங்கலாக மூன்று நிறுத்தங்களில்தான் செய்யலாம் என்று விதி வந்த பிறகு, தலைக்கு 30 வினாடி என்பது முற்றிலும் பொருளிழந்துவிட்டது. வெளியேறுபவர் பக்கத்துக் கோட்டிலேயே இறங்கிப் போக வேண்டும் என்று 2019-ல் வந்த திருத்தமும், மைதானத்தின் மறுகோடியிலிருந்து கைதட்டிக்கொண்டே நடந்து வருவதைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டது.

74-வது நிமிடத்தில் கையில் பந்து பட்டதா என்று வீஏஆர் பரிசோதனை. கோல் கிக் எடுக்கக் காத்திருந்த நேரம் 50 வினாடி. 82-ல் தசைப்பிடிப்பால் ஒருவர் உட்கார்ந்துவிட, அவரையே மாற்றுகிறார்கள். 55 வினாடி. இவற்றுக்கு நடுவே 78-லிருந்து முன்னிலையில் இருக்கும் அணியின் கோல்கீப்பர் மூன்று கோல் கிக்குகளில் பந்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றி மாற்றி வைக்கிறார். இயல்பாக ஆகும் நேரத்துக்கு மேல் மொத்தம் 40 வினாடி போயிருக்கும் என்று நடுவர் மதிப்பிடுகிறார்.

கூட்டினால் 1:15, 0:20, 0:45, 0:50, 0:55, 0:40. மொத்தம் 4 நிமிடம் 45 வினாடி. பலகையில் என்ன வரும்? ஐந்து அல்ல, நான்கு. பலகையில் காட்டுவது குறைந்தபட்ச நேரம். ஒருமுறை காட்டிவிட்டால் நடுவர் அதைக் கூட்டலாம், குறைக்க முடியாது. அதனால் வினாடிகளை விட்டுவிட்டு முழு நிமிடத்தைக் காட்டுகிறார்கள். பலகையில் நான்கு என்றால் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் எங்கோ என்று பொருள். அந்த 45 வினாடி நடுவர் மணிக்கட்டில் பத்திரமாக இருக்கிறது.

கோலுக்கு முழு ஐம்பது வினாடியையும் எண்ணியிருந்தால் 5:15 ஆகியிருக்கும், பலகையில் ஐந்து வந்திருக்கும். ஆட்டம் ஒன்றே, எண் மட்டும் வேறு. பழைய கைக்கணக்கில் மாற்றங்களுக்கு 2:30, கோலுக்கு 0:30, காயத்துக்கும் வீஏஆருக்கும் உள்ளபடியே வைத்தாலும் 5:05 வரும். அதாவது அதே ஐந்து. ஆனால் அதில் கோல்கீப்பர் திருடிய நாற்பது வினாடி இல்லை. மாற்றங்களுக்குக் கொடுத்த உபரி அந்த ஓட்டையை அடைத்துவிடுகிறது. கைக்கணக்கு இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன். தவறுகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் பலகையைப் பார்ப்பவருக்கு எதுவும் உறுத்தாது.

கணக்கு இன்னும் முடியவில்லை. 92-வது நிமிடத்தில் முன்னிலை அணி இன்னொரு வீரரை மாற்றி 35 வினாடி எடுத்துக்கொள்கிறது. இப்போது கடன் 5:20. திரையில் 94:00 ஆனதும் கூட்டம் விசில் கேட்கும். நடுவர் 95:20 வரை ஊத வேண்டியதில்லை. ஊதவும் கூடாது.

கத்தாரில் என்ன மாறியது

விதி பழையது. மாறியது நடைமுறை. 2022 உலகக் கோப்பைக்கு முன் ஃபிஃபா நடுவர் குழுத் தலைவர் பியர்லூயிஜி கொலினா நடுவர்களுக்குச் சொன்னது, வீணாகும் நேரத்தைத் துல்லியமாக எண்ணுங்கள் என்பதுதான். கொண்டாட்டங்களைக் குறிப்பாகச் சுட்டினார். ஒரு பாதியில் மூன்று கோல் விழுந்தால் கொண்டாட்டத்திலேயே சில நிமிடங்கள் போய்விடும், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது அவர் வாதம்.

அதன் முதல் பெரிய விளைவு இங்கிலாந்து – ஈரான் ஆட்டம். பிரேசிலின் ரஃபேல் கிளாஸ் நடுவர். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஈரான் கோல்கீப்பர் அலிரெசா பெய்ரான்வந்தும் அவர் அணியின் மஜித் ஹொசைனியும் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். சாதாரணமாகக் களத்தில் சிகிச்சை பெற்ற வீரர் வெளியே போய், ஆட்டம் தொடங்கிய பிறகே உள்ளே வர வேண்டும். கோல்கீப்பருக்கு அந்த விதி இல்லை. ஒரே அணியின் இருவர் மோதினாலும் இல்லை. எனவே பெய்ரான்வந்தை மைதானத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது, ஆட்டம் காத்திருந்தது. பார்த்து முடித்து அவர் தொடர்ந்தார், கொஞ்ச நேரத்தில் மறுபடி படுத்தார், 20-வது நிமிடத்தில் மாற்றப்பட்டார். அந்தப் பாதிக்குப் பலகையில் வந்த எண் 14.

இரண்டாம் பாதியில் அப்படிப் பெரிய காயம் இல்லை. ஆனால் பலகை தூக்குவதற்குள் நான்கு கோல்கள், இரு அணியிலும் சரமாரியாக மாற்றங்கள். ஒவ்வொன்றையும் வினாடி வினாடியாக எண்ணினால் பத்து நிமிடம் வருகிறது. அந்தப் பத்து நிமிடத்துக்குள்ளேயே ஈரான் வீரரின் சட்டை இழுக்கப்பட்டது என்று வீஏஆர் அழைக்க, கிளாஸ் திரைக்கு ஓடிப் பார்த்து பெனால்டி கொடுத்தார். பார்த்த நேரம், முடிவைச் சொன்ன நேரம், பெனால்டிக்கு ஆயத்தமான நேரம் எல்லாம் பத்தின் மேல் ஏறின. 90+13-ல் ரகசியம் என்று எதுவும் இல்லை. பலகையில் காட்டிய பிறகு நடந்ததைப் பலகையால் முன்கூட்டிச் சொல்ல முடியாது, அவ்வளவே.

2023–24-ல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கும் துல்லியக் கணக்குக்கு மாறியது. பருவம் தொடங்கும் முன்பே, ஆகஸ்ட் 6 அன்று வெம்ப்லியில் நடந்த கம்யூனிட்டி ஷீல்டில் ஆர்சனல் 90+11-ல் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராகச் சமன் செய்து பெனால்டியில் ஜெயித்தது. அங்கே பலகையில் எட்டு. சேர்ப்பு நேரத்திலேயே இருவர் மோதிக் காயம்பட்டதில் மீதி ஏறியது. வீரர்களும் பயிற்சியாளர்களும் உடம்பு தாங்காது என்று முறையிட்டார்கள். அடுத்த பருவம் லீக் கோல்களுக்கான கணக்கைத் தளர்த்தி, பந்து வலைக்குள் போன 30 வினாடிக்குப் பிறகு ஆகும் தாமதத்தை மட்டும் எண்ண ஆரம்பித்தது. எனக்கு இது சரியாகவே படுகிறது. கோல் விழுந்தால் பந்தை எடுத்து மையத்துக்கு வரவே அரை நிமிடம் ஆகும். அது இயல்பான நேரம், த்ரோ-இன்னுக்கு ஆகும் நேரம் மாதிரி. அதற்கு மேல் ஆடுவதுதான் வீண்.

எனக்கு இன்னும் உறுத்துவது கோல்கீப்பரின் அந்த நாற்பது வினாடி. காயத்துக்குத் தொடக்கம் உண்டு: மருத்துவரைக் கூப்பிட்ட கணம். மாற்றத்துக்கு நடுவரின் சைகை, வீஏஆருக்கு காதில் கைவைத்த கணம். நேரம் கடத்தலுக்கு மட்டும் தொடக்கக் கணம் கிடையாது. பந்தை வைத்துக் குனிந்து எழுந்து புல்லைத் தட்டும் கோல்கீப்பர் எந்த வினாடியில் இயல்பைத் தாண்டினார்? நடுவர் மனதில் மதிப்பிட வேண்டியதுதான். மதிப்பீடு எப்போதும் குறைவாகவே வருகிறது, ஏனென்றால் ஒவ்வொன்றும் பத்து, பதினைந்து வினாடி. கடிகாரத்தைத் தொடும் அளவுக்கு எதுவும் பெரிதாகத் தெரியாது. கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்திருக்கும் விஷயத்தில் விதி வகுப்பவர்கள் இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டார்கள். 2025–26 முதல் எட்டு வினாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர். நடுவர் கடைசி ஐந்து வினாடியைக் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுகிறார். போன நேரத்தைக் கடைசியில் திருப்பித் தருவதை விட்டுவிட்டு, அங்கேயே தண்டனை கொடுக்கிறார்கள். காரணம் சரியானது: 70-வது நிமிடத்தில் வேகம் பிடித்திருந்த அணியிடமிருந்து பறித்த இருபது வினாடியும் 94-வது நிமிடத்தில் கொடுக்கும் இருபது வினாடியும் கடிகாரத்தில்தான் ஒன்று.

கடைசி விசில்

இரண்டாவது கடிகாரம் 45:00 ஆகும்போது பந்து எங்கே இருந்தாலும் நடுவர் ஊதலாம். தாக்குதல் நடந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் அது முடியட்டும் என்று காத்திருப்பார்கள். அது வழக்கம் மட்டுமே, விதியில் இல்லை. 1978 உலகக் கோப்பையில், அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவில், பிரேசிலும் சுவீடனும் 1–1. கடைசி கணத்தில் பிரேசிலுக்கு கார்னர். நெலின்யோ அடித்த பந்து காற்றில் இருக்கும்போதே வேல்ஸ் நாட்டு நடுவர் கிளைவ் தாமஸ் விசில் ஊதினார், ஜீகோ தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். கோல் இல்லை. பிரேசில்காரர்கள் இன்றும் ஆற மாட்டார்கள், ஆனால் விதிப்படி தாமஸ் செய்ததில் பிழை இல்லை. கார்னரை அடிக்க விடாமலேயே முடித்திருந்தால் இத்தனை கோபம் எழுந்திருக்காது என்பதுதான் அவர் மேல் வைக்கக்கூடிய ஒரே குறை.

பெனால்டி மட்டும் விலக்கு. நேரம் தீர்ந்துவிட்டாலும் பெனால்டி அடிக்க வேண்டியிருந்தால், அல்லது மறுபடி அடிக்க வேண்டியிருந்தால், அது முடியும்வரை பாதி நீள்கிறது. ஆனால் அந்த நீட்டிப்பு அந்த ஒரு உதைக்கு மட்டும். கோல்கீப்பர் தட்டிவிட்ட பந்து அடித்தவர் காலுக்கே திரும்பி வந்தாலும், அவர் அதைத் தொட்ட கணத்தில் ஆட்டம் முடிந்தது. மறுபடி உதைத்து வலைக்குள் அனுப்பினாலும் கோல் இல்லை. கம்பத்தில் பட்டுத் திரும்பிக் கோல்கீப்பர் முதுகில் மோதி உள்ளே உருண்டால் மட்டும், கோல்.